தட்டை மூக்கு நாய்களின் மூச்சுக்காக ஒரு கோரிக்கைச் சாசனம்

பக், பிரெஞ்சு புல்டாக், இங்கிலீஷ் புல்டாக் ஆகிய இனங்களைச் சென்னையில் வளர்க்கும் நாங்கள், மாநில விலங்கு நல வாரியம், குட்டி போடவைத்து விற்போர், கால்நடை மருத்துவர்கள் ஆகியோர் முன் இந்தச் சாசனத்தை வைக்கிறோம்.

எங்கள் முறையீடு

முகம் குட்டையான நாய்களையே தலைமுறை தலைமுறையாகச் சேர்த்ததில் முக எலும்பு சுருங்கியது. உள்ளே இருக்கும் சதை அந்த அளவுக்குச் சுருங்கவில்லை. மூக்குத் துவாரம் வெறும் கீறலாகிவிட்டது. அண்ணத்தின் மென்சதை நீண்டு, தொண்டையில் காற்று போகும் வாயை அடைக்கிறது.

மனிதரைப் போல நாய்க்கு உடம்பெங்கும் வியர்ப்பதில்லை. அது இரைக்கும்போது நாக்கிலும் மூக்கிலும் உள்ள ஈரம் ஆவியாகித்தான் சூடு தணிகிறது. மே மாத மாலையில் கடற்கரைக்கு நடத்திச் செல்லப்படும் ஒரு பக்கை எண்ணிப் பாருங்கள். வெயில் தாழ்ந்திருந்தாலும் காற்றின் புழுக்கத்தில் ஈரம் எளிதில் ஆவியாகாது. அதனால் நாய் இன்னும் வேகமாக இரைக்கிறது. குறுகிய வழியில் காற்றை வலிந்து இழுக்கும்போது தொண்டைச் சதை வீங்கி, வழி மேலும் குறுகுகிறது. மூச்சு இழுக்கும் அந்த உழைப்பே உடம்பைச் சூடாக்குகிறது. இயல்பாக 38 முதல் 39 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும் உடல் வெப்பம் 41-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. கழுத்தை நீட்டி, முழங்கையை விரித்து நிற்பதும், கரகரவென்று இழுப்பதும், நாக்கு நீலம் பாய்வதும் அதன் அறிகுறிகள்.

எங்கள் கோரிக்கைகள்

1. இணை சேர்க்கும் முன் ஆண், பெண் இரண்டுக்கும் மூச்சுப் பரிசோதனையைக் கட்டாயமாக்க வேண்டும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தார் வகுத்த முறை எளிமையானது. மருத்துவர் ஸ்டெதஸ்கோப்பை நாயின் தொண்டையில் வைத்துக் கேட்பார். மூன்று நிமிடம் விரைநடை நடத்தி உடனே மறுபடி கேட்பார். ஓய்வில் அமைதியாக இருந்த நாயின் குறை நடைக்குப் பின் வெளிப்பட்டுவிடும். தரம் 0 முதல் 3 வரை. 3 பெற்ற நாயை இணை சேர்க்கக் கூடாது.

2. நாய் இனப்பெருக்கம், விற்பனை குறித்த 2017-ஆம் ஆண்டு மத்திய விதிகளின்படி பதிவு செய்வோர் அனைவரும், பெற்றோரின் தரச் சான்றைக் குட்டி வாங்குவோருக்குத் தர வேண்டும்.

3. குறட்டையை ‘இந்த இனத்துக்கு இயல்பு’ என்று மருத்துவர்கள் தள்ளிவிடக் கூடாது. மூக்குத் துவாரத்தை அகலமாக்கவும் நீண்ட அண்ணத்தைக் குறைக்கவும் அறுவை சிகிச்சை உண்டு என்பதை, குரல்வளை நலிந்துபோகும் முன்பே சொல்ல வேண்டும். உடல் எடையைக் குறைப்பதும் மூச்சுக்கு உதவும் என்பதை எடுத்துச் சொல்ல வேண்டும்.

4. வெப்பத்தில் சரிந்த நாயை என்ன செய்வது என்று ஒவ்வொரு கால்நடை மருத்துவமனையிலும் தமிழில் எழுதி வைக்க வேண்டும்: முதலில் உடம்பில் குளிர்ந்த நீரை ஊற்றி விசிற வேண்டும், பிறகு மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும்.

இவை நிறைவேறும்வரை, தரச் சான்று இல்லாத பெற்றோரின் குட்டியை நாங்கள் வாங்க மாட்டோம். எங்கள் நாய்களைப் பரிசோதிக்காமல் இணை சேர்க்கவும் மாட்டோம்.