நாற்காலி மாறினதும் வர்ற 'நான் போலி' பயம்: ஒரு த்ரெட்

"ப்ரொமோஷன் வந்துடுச்சு டாக்டர், ஆனா நான் இதுக்கு லாயக்கில்ல, சீக்கிரம் எல்லாருக்கும் தெரிஞ்சுடும்"னு இன்பாக்ஸ்ல புலம்புறவங்களுக்காக எழுதுறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

இதுக்கு மோட்டிவேஷன் ஆசாமிகள் எழுதித் தர்ற ஒரே மருந்து, "தெரியாட்டியும் தெரிஞ்ச மாதிரி கெத்தா இரு, போகப் போக சரியாயிடும்". நான் இதைக் கடுமையா எதிர்க்கிறேன். ஆஸ்பத்திரியில இந்த அட்வைஸ் ஆளைக் கொன்னுடும்.

முதல்ல ஒரு விஷயம். இதை 'இம்போஸ்டர் சிண்ட்ரோம்'னு சொல்லாதீங்க. 1978-ல பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ்னு ரெண்டு அமெரிக்க உளவியலாளர்கள் இதைப் பத்தி எழுதினப்போ வச்ச பேர் 'இம்போஸ்டர் ஃபெனாமினன்'. சிண்ட்ரோம்ங்கிறது பின்னாடி ஒட்டிக்கிட்டது. மனநோய்ப் பட்டியல்ல இப்படி ஒரு நோயே இல்ல. நோய்னு பேர் வச்சா என்ன ஆகும்? உங்களுக்கு ஒழுங்கா வேலை சொல்லித் தராம நாற்காலியில உட்கார வச்சவங்க தப்பிச்சுடுவாங்க, பழி உங்க மனசு மேல விழும்.

என் கதைக்கு வரேன். எம்பிபிஎஸ் முடிச்சு சில வருஷம் ஆனப்போ வட்டார மருத்துவ அலுவலர் பொறுப்பு கொடுத்தாங்க. சார்ஜ் எடுத்த அன்னிக்கு கைக்கு வந்தது ஸ்டாக் ரெஜிஸ்டரும் சாவிக்கொத்தும். "ராத்திரி ஜூனியர் கூப்பிட்டா என்ன பண்ணணும்"னு யாரும் ஒப்படைக்கல.

முதல் வாரத்திலேயே கூப்பிட்டாங்க. ராத்திரி 11 மணி, வரப்புல பாம்பு கடிச்ச விவசாயி. ஜூனியர் டாக்டர், "சார், ரத்தம் உறையல. 10 வயல் விஷமுறிவு மருந்து ஆரம்பிக்கலாமா? நீங்க சொன்னா போட்டுடறேன்"ங்கிறார். நான் கடைசியா பாம்புக்கடி பார்த்து 4 வருஷம் ஆச்சு. ஊர்ல போலி டாக்டரைப் பிடிக்கிறாங்களே, அடுத்தது நான்தான்னு தோணுச்சு.

கெத்தா "போடுங்க"ன்னு சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்துச்சு. ஆனா அந்த மருந்து குதிரை ரத்தத்துல இருந்து எடுக்கிறது. சிலருக்கு பிபி சரிஞ்சு உயிருக்கே ஆபத்தாகும். அதனால எல்லார் முன்னாடியும் சத்தமா சொன்னேன்: "நான் இதைப் பண்ணி ரொம்ப நாளாச்சு. புரோட்டோகாலை வாசிக்கிறேன். ஒவ்வொரு வரியும் நாம செஞ்சமான்னு சொல்லுங்க."

"புது, சுத்தமான, காஞ்ச கண்ணாடி ட்யூப்ல 2 மில்லி ரத்தம், 20 நிமிஷம் அசைக்காம வைக்கணும்"னு வாசிச்சப்போ, அதுவரைக்கும் பேசாம நின்ன சிஸ்டர் மெதுவா, "சார்... நாம வச்சது பிளாஸ்டிக் ட்யூப்"னாங்க.

கண்ணாடி பட்டாத்தான் ரத்தம் அந்த நேரத்துக்குள்ள உறையும். பிளாஸ்டிக்ல நல்ல ரத்தமே தண்ணியா நிக்கலாம். கண்ணாடி ட்யூப்ல மறுபடி வச்சோம். 20 நிமிஷம் கழிச்சு சாய்ச்சா கெட்டியா உறைஞ்சிருந்துச்சு. இமை தொங்கல, மூச்சு சரி, கால்ல வீக்கமும் இல்ல. அதுக்காக வீட்டுக்கு அனுப்பல. விஷம் தாமதமாவும் வேலை காட்டும். 24 மணி நேரம் படுக்க வச்சு டெஸ்ட்டை திரும்பத் திரும்பப் பண்ணோம். மருந்து தேவையே படல, நடந்து வீட்டுக்குப் போனார்.

நான் எல்லாம் தெரிஞ்சவன் மாதிரி நின்னிருந்தா சிஸ்டர் வாயைத் திறந்திருப்பாங்களா? மாட்டாங்க. அவங்களே பின்னாடி சொன்னாங்க, "முன்னாடி இருந்த சார்கிட்ட சொல்ல பயமா இருக்கும்"னு.

இப்ப உங்க விஷயம். அந்த பயம் வரும்போது உங்களை நீங்களே ஒரு கேள்வி கேளுங்க: எனக்குத் தெரியாதது எது, பேர் சொல்ல முடியுமா? 'பட்ஜெட் ஃபைல் படிக்கத் தெரியல', 'டோஸ் மறந்துடுச்சு'ன்னு பேர் சொல்ல முடிஞ்சா அது போலித்தனம் இல்ல, பாக்கி இருக்கிற பாடம். இன்னிக்கே படிங்க, தெரிஞ்சவருக்கு போன் போடுங்க. நான் அந்த வாரமே மெடிக்கல் காலேஜ் சீனியர் ஒருத்தர்கிட்ட ராத்திரி எத்தனை மணிக்கும் கூப்பிடலாம்னு பர்மிஷன் வாங்கி வச்சுக்கிட்டேன். அவர் சிரிச்சார், அவ்வளவுதான்.

பேர் சொல்ல முடியல, சும்மா 'மாட்டிக்குவேன்'னு மட்டும் ஓடுதுன்னா, அதுக்குப் படிச்சு வைத்தியம் பார்க்க முடியாது. இதே நாற்காலியில முன்னாடி உட்கார்ந்தவங்ககிட்ட பேசுங்க. ரெண்டு வாரமா தூக்கமும் சாப்பாடும் கெட்டிருந்தா மனநல டாக்டரைப் பாருங்க, அது வேற விஷயம், தள்ளிப் போடாதீங்க.

மேலதிகாரிகளே, உங்களுக்கும் ஒண்ணு. சாவிக்கொத்தோட ஒரு போன் நம்பரும் கொடுங்க.

எங்க எமர்ஜென்சி ட்ரேல இப்ப ஆறு கண்ணாடி ட்யூப் எப்பவும் இருக்கும். சிஸ்டர்தான் எண்ணிப் பார்ப்பாங்க.