லொறிச் சில்லைத் தூக்க வேண்டாம்

வாவிக்கரைத் தென்னந்தோட்டத்தில் தேங்காய் லொறிக்குக் காற்றுப் போனால், "தூக்கி மாட்டு" என்று ஒருவரையே ஏவுகிறார்கள். பெரிய லொறியின் சில்லு ரிம்மோடு 80 கிலோவுக்கும் மேல் வரும். ஆண் தொழிலாளி ஒருவர் சுமக்கும் உச்ச எடை 55 கிலோ என்பது சர்வதேச தொழில் தாபனத்தின் 1967ஆம் ஆண்டுப் பரிந்துரை.

படுத்துக் கிடக்கும் சில்லை நிமிர்த்த இருவர் வேண்டும். எதிர் விளிம்பு வழுக்காமல் கட்டை வையுங்கள். இருவரும் ஒரே பக்கம் நின்று, முழங்காலை மடித்து, முதுகை நேராக வைத்து, கால்பலத்தால் எழும்புங்கள். இடுப்பை முறுக்கக் கூடாது.

உருட்டும்போது பக்கவாட்டில் நடந்து, டயரின் மேற்பகுதியைத் தள்ளுங்கள். ரிம் துளைக்குள் விரல் விட வேண்டாம். நம் மணலில் சில்லு புதைந்து சரியும். பலகை போட்டு உருட்டுங்கள். சரியத் தொடங்கினால் பிடிக்காதீர்கள். விலகி விழ விடுங்கள்.

மாட்டும்போதும் தூக்கத் தேவையில்லை. மற்றச் சில்லுகளுக்குக் கட்டை வைத்து, ஜக்கின் கீழ் தடித்த பலகை போடுங்கள். சில்லு நுழையும் அளவுக்கு மட்டும் அச்சை உயர்த்துங்கள். டயருக்கடியில் அலவாங்கைக் கொடுத்து ஒருவர் நெம்ப, மற்றவர் சில்லைத் திருப்பித் துளைகளைப் போல்ட்டுகளுக்கு நேராக்கலாம். காலை அடியில் வைக்காதீர்கள்.

இரண்டாவது ஆளும் அலவாங்கும் பலகையும் தருவது நிர்வாகத்தின் கடமை. அவை வரும்வரை லொறி நிற்கட்டும். அடிபட்டால் அன்றே எழுத்தில் பதிவு செய்யுங்கள். 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டப்படி கேட்க அது உதவும்.