வெற்றுக் காகிதம் அல்ல

"திருமணத்துக்கு முன் எழுதும் ஒப்பந்தமெல்லாம் இந்தியாவில் செல்லாது, அது வெற்றுக் காகிதம்" என்ற பேச்சு படித்தவர்களிடையே சட்டமாகவே நிலைத்துவிட்டது. இது பாதி உண்மைகூட அல்ல. கோவாவில் போர்த்துக்கீசியர் காலத்துச் சிவில் சட்டத்தின்படி, மணமக்கள் திருமணத்துக்கு முன்பே பொது ஆவணம் எழுதித் தங்கள் சொத்து முறையைத் தேர்ந்துகொள்ளலாம். கிறிஸ்தவர்களுக்கான 1869ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டத்தின் 40ஆம் பிரிவு, திருமணத்துக்கு முன் செய்த சொத்து ஏற்பாட்டைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. இந்துக்களுக்குத் தனிச் சட்டம் இல்லை என்பது மெய். ஆனால் தனிச் சட்டம் இல்லாததாலேயே ஓர் ஒப்பந்தம் செல்லாததாகிவிடாது. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, நோக்கம் சட்டத்துக்கோ பொதுநலனுக்கோ மாறாக இருப்பது போன்ற காரணங்களுக்காக மட்டுமே ஒப்பந்தத்தைத் தள்ளுகிறது. ஆகவே ஆவணத்துக்கு என்ன பெயர் என்று கேட்டுப் பயனில்லை. அதில் எதைப் பற்றிப் பேசியிருக்கிறது என்றுதான் கேட்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். மணமகளுக்குத் தாம்பரத்தில் ஒரு வீடும் 50 சவரன் நகையும் உள்ளன. மணமகனுக்கு மதுரையில் கடையும் அதன்மேல் வங்கிக் கடனும் உள்ளன. வீடும் நகையும் அவளுடையவை, கடையும் கடனும் அவனுடையவை என்று பட்டியலிட்டு இருவரும் கையெழுத்திடுகிறார்கள். இதில் சட்டத்துக்கு மாறாக எதுவும் இல்லை. கோவாவைத் தவிர்த்த பிற மாநிலங்களில் திருமணம் மட்டுமே ஒருவர் சொத்தை மற்றவருக்கும் உரியதாக்கிவிடுவதில்லை. இருக்கும் நிலையைத்தான் அவர்கள் சாட்சியத்தோடு எழுதிவைக்கிறார்கள். பின்னாளில் இருவரும் சேர்ந்து 80 லட்சத்துக்கு ஒரு வீடு வாங்குகிறார்கள். அவள் 50 லட்சமும் அவன் 30 லட்சமும் போடுகிறார்கள். கிரயப் பத்திரத்தில் இரண்டு பெயர் மட்டும் இருந்து, யார் எவ்வளவு போட்டார் என்று நிரூபிக்க முடியாமல் போனால், சொத்து மாற்றுச் சட்டத்தின் 45ஆம் பிரிவு இருவருக்கும் சமபங்கு என்றே கொள்ளும். அவளுக்கு 10 லட்சம் போய்விடும். பங்கை முன்பே பேசி, கிரயப் பத்திரத்திலேயே எழுதிப் பதிவு செய்திருந்தால் இந்தச் சிக்கலே எழாது. 'வெற்றுக் காகிதம்' என்ற நம்பிக்கை செய்யும் முதல் கேடு இதுதான்: எழுதக்கூடியதையும் எழுதாமல் விடச் செய்கிறது.

இனி எழுதக்கூடாதவை. பிரிந்தால் ஜீவனாம்சம் கேட்க மாட்டேன் என்று அவள் எழுதித் தந்தாலும் அது அவளைக் கட்டாது. நாகேந்திரப்பா நாடிகர் வழக்கில், 8,000 ரூபாய் பெற்றுக்கொண்டு சமரசமாகப் போன மனைவி, வேறு சட்டத்தின் கீழ் மீண்டும் ஜீவனாம்சம் கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2013இல் தீர்ப்பளித்தது. நீதிமன்றத்தின் முன் செய்த சமரசத்துக்கே கதி இது என்றால், மணவறைக்கு முன் எழுதிய துறப்பு எங்கே நிற்கும்? பிறக்கப்போகும் குழந்தை தந்தையிடம்தான் வளரும் என்ற நிபந்தனையும் அப்படியே. குழந்தையின் நலனை நீதிமன்றம் அன்றைய நிலையைப் பார்த்தே முடிவு செய்யும். கணவன் மனைவியைத் தாய்வீட்டிலிருந்து அழைத்துச் செல்லக் கூடாது என்ற முன் ஒப்பந்தத்தைக் கல்கத்தா உயர் நீதிமன்றம் 1901இலேயே ஏற்க மறுத்தது. வரதட்சணை கொடுக்கவோ வாங்கவோ செய்யும் ஒப்பந்தம் 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி செல்லாது. திருமண உறவு, பராமரிப்பு, குழந்தை ஆகியவை சட்டத்தின் காவலில் உள்ளவை. இருவர் கையெழுத்தால் அந்தக் காவலை நீக்க முடியாது.

இந்து திருமணம் சம்ஸ்காரம், அதில் ஒப்பந்தத்துக்கு இடமேது என்பார்கள். சம்ஸ்காரம் இருவரையும் தம்பதியராக்குகிறது. தாம்பரம் வீட்டுப் பத்திரத்தில் பெயரை மாற்றுவதில்லை. வசதியுள்ளவர் எளியவரை மிரட்டிக் கையெழுத்து வாங்குவார் என்பது இதைவிடக் கனமான ஆட்சேபம். அந்த அச்சம் நியாயமானது. ஆனால் அதற்கு மருந்தும் சட்டத்திலேயே இருக்கிறது. வற்புறுத்தியோ ஏமாற்றியோ பெற்ற சம்மதத்தை ஒப்பந்தச் சட்டம் ஏற்பதில்லை. உண்மையில் மிரட்டலுக்குத் துணைபோவது அறியாமைதான்: "கையெழுத்துப் போட்டுவிட்டாய், இனி ஜீவனாம்சம் கிடையாது" என்று சொன்னால் நம்பிவிடும் பெண், கேட்டால் கிடைக்கும் உரிமையைக் கேட்காமலே விடுகிறாள்.

செல்லும் நிபந்தனையையும் செல்லாததையும் ஒரே தாளில் பின்னிவிடுவது பெரும்பிழை. ஒரே பிரதிபலனின் ஒரு பகுதி சட்டவிரோதமானால் முழு ஒப்பந்தமும் வீழும் என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 24ஆம் பிரிவு. "வீட்டில் பங்கு தருகிறேன், ஜீவனாம்சம் கேட்காதே" என்று எழுதினால், பங்கும் சேர்ந்தே ஆட்டம் காணும். எனவே மணமக்கள் சொத்தையும் கடனையும் நகைப் பட்டியலையும் மட்டும் தனி ஆவணத்தில், தத்தம் வழக்கறிஞரைக் கேட்டு எழுதட்டும். அசையாச் சொத்தில் உரிமை மாறுமானால் பதிவும் செய்யட்டும். ஜீவனாம்சத்தையும் குழந்தையையும் அந்தத் தாளில் எழுதவே வேண்டாம்.