வேலிக் கம்பியில் மூன்று பேர்

சித்தன்னவாசல் பக்கம் பொங்கல் நேரத்தில் எடுத்த படம் ஒன்றை வாசகி ஒருவர் அனுப்பியிருக்கிறார். முள்கம்பி வேலியில் மூன்று பறவைகள். "மூன்றும் கீச்சான்தானே? பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் மூன்று என்று போட்டுவிடலாமா?" என்று கேட்கிறார்.

போடாதீர்கள். அதில் கீச்சான் ஒன்றுதான்.

இடது ஓரத்தில் இருப்பதன் முகத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அலகிலிருந்து கண் வழியாகக் காதுவரை கறுப்புப் பட்டை, திருடன் முகமூடி மாதிரி. அதற்கு மேலே வெள்ளைப் புருவம். அலகின் நுனி கொக்கியாக வளைந்திருக்கிறது. முதுகு பழுப்பு. குளிர்காலத்துக்கு வடக்கு ஆசியாவிலிருந்து வந்திருக்கும் பழுப்புக் கீச்சான் இது. நம் ஊரிலேயே இருக்கும் கருஞ்சிவப்பு முதுகுக் கீச்சானாக இருந்தால் பட்டை நெற்றியையும் மூடியிருக்கும். உச்சந்தலை சாம்பல், சிறகில் வெள்ளைத் திட்டு. இளம் பறவைக்குப் பட்டை மங்கலாக இருக்கும். வெயில் பின்னாலிருந்து அடித்தால் எல்லா முகமும் கறுப்பாகத்தான் விழும். அப்போது படத்தை வெளிச்சமாக்காமல் பட்டையை நம்பக் கூடாது.

நடுவில் இருப்பது உடம்பெல்லாம் கறுப்பு, சிறகில் கொஞ்சம் வெள்ளை. முகமே கறுப்பு என்பதால் அங்கே தேடிப் பயனில்லை, வாலுக்குப் போங்கள். வால் மேலே தூக்கியிருக்கிறது, அடியில் செங்கல் நிறம். இது கருஞ்சிட்டு ஆண். புதர்ச்சிட்டு ஆணும் கறுப்புதான், ஆனால் அதற்கு அடிவயிறும் வாலின் மேல்பக்கத் தொடக்கமும் வெள்ளை. வால் தூக்கிய தோரணை நல்ல துப்புதான். ஆனால் கருஞ்சிட்டு வாலை இறக்கிய நொடியில் நீங்கள் படமெடுத்திருந்தால்? அதனால் நிறத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

மூன்றாவதுதான் பலரையும் குழப்புவது. வெறும் பழுப்பு, முகமூடியே இல்லை. ஈப்பிடிப்பானோ என்று தோன்றும். பழுப்பு ஈப்பிடிப்பானுக்குப் பெரிய கண், அதைச் சுற்றி வெளிர் வளையம், நிமிர்ந்து உட்காரும். அதற்கு மரநிழல் வேண்டும், பொட்டல்காட்டு வேலிக்கு அபூர்வமாகத்தான் வரும். இந்தப் படத்தில் வளையம் இல்லை. பறவை பாதி திரும்பியிருப்பதால் வால் தொடங்கும் இடத்தில், மேல்பக்கம், துரு நிறம் தெரிகிறது. ஆகவே புதர்ச்சிட்டுப் பெண். அதே துரு நிறம் வாலுக்கு அடியில் இருந்திருந்தால் கருஞ்சிட்டுப் பெண்.

அவர் அனுப்பிய இரண்டாவது படத்தில் ஒரே ஒரு பழுப்புப் பறவை நேரே கேமராவைப் பார்க்கிறது. வாலின் மேல்பக்கமும் தெரியவில்லை, அடிப்பக்கம் கம்பியில் மறைந்துவிட்டது. அதற்குப் பெயர் வைக்காமல் விட்டுவிடுங்கள். முதல் படத்துக்குப் பட்டியலில் பழுப்புக் கீச்சான் ஒன்று, கருஞ்சிட்டு ஒன்று, புதர்ச்சிட்டு ஒன்று.