மகன் ஐ.டி. வேலை, அப்பாவுக்கு பிஎம் கிசான் கிடைக்குமா? துண்டறிக்கை சொல்லாத தேதிக் கணக்கு

‘நிலம் வைத்திருக்கும் எல்லா விவசாயக் குடும்பங்களுக்கும் ஆண்டுக்கு 6,000 ரூபாய்.’ பிஎம் கிசான் துண்டறிக்கையில் பெரிய எழுத்தில் இருப்பது இதுதான். ஊரில் இருக்கும் அப்பாவுக்காக விண்ணப்பத்தைத் திறக்கும் மகனோ மகளோ இந்த ஒரு வரியை நம்பித்தான் ஆரம்பிக்கிறாங்க. சிக்கல் அந்த வரியில் இருக்கும் ‘குடும்பம்’, ‘நிலம்’ என்ற இரண்டு சொற்களில்தான்.

முதலில் குடும்பம். இந்தத் திட்டத்தில் குடும்பம் என்றால் கணவன், மனைவி, 18 வயது ஆகாத பிள்ளைகள், அவ்வளவுதான். சென்னையில் வேலை பார்த்து வருமான வரி கட்டும் 27 வயது மகன் அந்தக் கணக்கிலேயே வரமாட்டார். ரேஷன் கார்டில் அவர் பெயர் இருந்தாலும் அப்பாவின் தகுதி போகாது. ஆனா அப்பாவோ அம்மாவோ கடந்த மதிப்பீட்டு ஆண்டில் வருமான வரி கட்டியிருந்தா கிடைக்காது. மாதம் 10,000 ரூபாயோ அதற்கு மேலோ ஓய்வூதியம் வாங்குகிறவர்களுக்கும், கடைநிலை ஊழியர்கள் தவிர்த்த அரசு ஊழியர்களுக்கும் இல்லை. கணவன், மனைவி இருவர் பெயரிலும் தனித்தனியாக நிலம் இருந்தாலும் பணம் ஒருவருக்குத்தான்.

அடுத்தது நிலம். ஐந்து ஏக்கருக்கு மேல் இருந்தா கிடைக்காது என்று இன்னும் பலர் நினைக்கிறாங்க. 2019 பிப்ரவரியில் தொடங்கியபோது 2 ஹெக்டேர் வரம்பு இருந்தது உண்மை. அதே ஆண்டு ஜூனிலிருந்து அது எடுக்கப்பட்டுவிட்டது. இப்போது பார்ப்பது அளவை அல்ல, தேதியை. 2019 பிப்ரவரி 1 அன்று நிலம் யார் பெயரில் இருந்தது என்பதுதான் கேள்வி. அதற்குப் பிறகு வாங்கிய நிலத்துக்குப் பணம் வராது. நில உரிமையாளர் இறந்து வாரிசுக்கு மாறிய நிலத்துக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. குத்தகைக்கு உழுகிறவர் எத்தனை வருஷம் பாடுபட்டிருந்தாலும் இதில் இடமில்லை. விவசாயிக்கான திட்டம் என்று பேர் வைத்துவிட்டு பட்டாதாரருக்கு மட்டும் கொடுப்பது இதன் பெரிய ஓட்டை.

ஒரு உதாரணம். தாத்தா பெயரில் மூன்று ஏக்கர் புஞ்சை. அவர் 2021-இல் இறந்துவிட்டார். அப்பாவும் ஒரு சித்தப்பாவும் வாரிசுகள். பட்டா இன்னும் தாத்தா பெயரில்தான் இருக்கிறது. இந்த நிலையில் அப்பா விண்ணப்பித்தா நிராகரிக்கப்படும். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று இரண்டையும் வைத்து முதலில் இ-சேவை மையத்தில் பட்டா மாறுதலுக்கு மனு போடணும். பாகம் பிரிக்காமல் கூட்டுப் பட்டா வாங்கினாலும் போதும். அண்ணன், தம்பி இருவரும் தனித்தனிக் குடும்பமாக ஆளுக்கு 6,000 வாங்கலாம். தாத்தாவின் கணக்குக்கு இறப்புக்குப் பிறகும் தவணை வந்துகொண்டிருந்தா அதை எடுத்துச் செலவழிக்கக் கூடாது, திருப்பிக் கேட்பாங்க.

இதே தாத்தா உயிரோடு இருக்கும்போது 2022-இல் தான செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்திருந்தா கதை வேற. அது இறப்பால் வந்த உரிமை இல்லை. அதனால அப்பாவுக்கும் கிடைக்காது. கையில் நிலம் இல்லாததால் தாத்தாவுக்கும் நின்றுபோகும். பத்திரம் எழுதும் நேரத்தில் இதை யாரும் சொல்வதில்லை.

ஆவணங்கள் அதிகமில்லை. ஆதார், பட்டா அல்லது சிட்டா, ரேஷன் கார்டு, வங்கிப் பாஸ்புக், ஆதாரில் இணைத்த செல்போன் எண் வேண்டும். தமிழக விவசாயிகளிடம் இப்போது தனித்துவ அடையாள எண்ணும் கேட்கப்படுகிறது. pmkisan.gov.in தளத்தில் நேரடியாகவோ பொதுச் சேவை மையத்திலோ பதியலாம். ஆதாரிலும் பட்டாவிலும் பெயர் எழுத்து வேறாக இருந்தா பதியும் முன்பே சரி செய்வது நல்லது.

பணம் ஏப்ரல்-ஜூலை, ஆகஸ்ட்-நவம்பர், டிசம்பர்-மார்ச் என்று மூன்று தவணையாக, ஒவ்வொன்றும் 2,000 ரூபாய். வரலைன்னா அதே தளத்தில் ‘Know Your Status’ பகுதியைப் பாருங்க. நிலப் பதிவு, இ-கேஒய்சி, ஆதார்-வங்கி இணைப்பு என்று மூன்று வரி இருக்கும். எதில் ‘No’ என்று இருக்கோ அங்கேதான் அடைப்பு. முதலாவதற்கு வட்டார வேளாண் விரிவாக்க மையம், மூன்றாவதற்கு வங்கி. இ-கேஒய்சியை ஓடிபி மூலம் வீட்டிலிருந்தே முடிக்கலாம். அப்பாவின் பழைய எண் தொலைந்துபோயிருந்தா, பிஎம் கிசான் செயலியில் முகத்தைக் காட்டியும் முடியும்.

மூன்றுமே ‘Yes’ என்றிருந்தும் பாஸ்புக்கில் பணம் ஏறலையா? கடைசியாக எந்த வங்கியில் ஆதாரை இணைத்தாரோ அந்தக் கணக்குக்குப் போயிருக்கும். நூறு நாள் வேலைக்காகவோ கேஸ் மானியத்துக்காகவோ எப்போதோ திறந்து, மறந்துபோன கணக்கை ஒரு முறை பார்த்துவிடுங்க. உதவி எண்: 155261.