கிளட்ச்சுக்கு எந்த ஆயிலும் போதும் என்பது பொய்

பிரேக் ஆயில் வாங்கும்போது நாலு கடை ஏறி இறங்கி நல்ல கம்பெனியாகப் பார்த்து வாங்குகிறவர்கள்கூட, கிளட்ச் என்று வந்துவிட்டால் கையில் கிடைத்ததை ஊற்றச் சம்மதித்துவிடுகிறார்கள். "கிளட்ச்தானே சார், பிரேக்கா என்ன? எந்த ஆயிலும் ஓடும்" என்று ஒர்க்‌ஷாப்பில் சொல்வதும், காரின் சொந்தக்காரர் தலையாட்டுவதும் அன்றாடம் நடக்கிறது. இந்தப் பேச்சை நான் கடுமையாக எதிர்க்கிறேன். இன்று ஓடும் பல மேனுவல் கார்களில் கிளட்ச்சுக்கும் பிரேக்குக்கும் டப்பா ஒன்றுதான். கிளட்ச்சுக்கு என்று நினைத்து ஊற்றுவது நேராக பிரேக்குக்கும் இறங்குகிறது.

ஆல்ட்டோ போன்ற சின்னக் கார்களில் கிளட்ச் கேபிளில் இயங்குகிறது. அவற்றில் ஆயிலுக்கே வேலை இல்லை. நான் பேசுவது ஹைட்ராலிக் கிளட்ச் உள்ள கார்களைப் பற்றி. அவற்றிலும் இரண்டு வகை உண்டு. ஹோண்டா சிவிக் போன்றவற்றில் கிளட்ச்சுக்கு என்று தனியாக ஒரு குட்டி டப்பா இருக்கும். ஃபோக்ஸ்வேகன் போலோ போன்றவற்றில் தனி டப்பா கிடையாது. பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவின் பக்கவாட்டைப் பாருங்கள். அங்கிருந்து மெல்லிய ரப்பர் குழாய் ஒன்று கிளம்பி, கிளட்ச் பெடலுக்கு மேலே உள்ள மாஸ்டர் சிலிண்டருக்குப் போகும். கிளட்ச்சுக்கு வேண்டிய திரவம் முழுவதும் அந்தக் குழாய் வழியாகத்தான் வருகிறது.

இதைக் கம்பெனிக்காரர்களின் கஞ்சத்தனம் என்று சிலர் குறை சொல்கிறார்கள். ஒரு டப்பா மிச்சமாவது உண்மைதான், ஆனால் காரணம் அது மட்டுமில்லை. கிளட்ச்சும் பிரேக்கும் செய்கிற வேலை ஒன்றே. பெடலை மிதித்தால் மேலே ஒரு பிஸ்டன் திரவத்தைத் தள்ளுகிறது. அந்தத் திரவம் குழாய் வழியே ஓடி, மறுமுனையில் இன்னொரு பிஸ்டனை நகர்த்துகிறது. பிரேக்கில் அது பேடை டிஸ்க்கோடு அழுத்துகிறது, கிளட்ச்சில் ரிலீஸ் பேரிங்கைத் தள்ளுகிறது. இரண்டு இடத்திலும் பிஸ்டனைச் சுற்றித் திரவத்தை அடைத்து நிற்பது ஈ.பி.டி.எம். என்ற வகை ரப்பர். இந்த ரப்பர் கிளைக்கால் கலந்த பிரேக் திரவத்தில் வருஷக்கணக்காக ஊறினாலும் தாங்கும். இன்ஜின் ஆயில், கியர் ஆயில், பவர் ஸ்டியரிங் ஆயில் போன்ற பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊதிப்போகும். ஆகவே கிளட்ச்சுக்கும் பிரேக் திரவமே வேண்டும். அதுவே வேண்டும் என்றால், தனி டப்பாவும் தனி மூடியும் எதற்கு?

"கிளட்ச் லீக் ஆனால் பிரேக்கும் போய்விடுமே?" என்று கேட்பார்கள். நியாயமான பயம். அதற்கான பதில் அந்த ரப்பர் குழாய் டப்பாவில் எந்த உயரத்தில் செருகியிருக்கிறது என்பதில் இருக்கிறது. டப்பாவின் அடியிலிருந்து அது கிளம்புவதில்லை, சற்று மேலிருந்து கிளம்புகிறது. அதற்குக் கீழே பிரேக்கின் இரண்டு சர்க்யூட்டுகளுக்கும் இரண்டு அறைகள், நடுவே தடுப்பு. கிளட்ச் பக்கம் எங்கே ஒழுகினாலும், திரவம் அந்தக் குழாயின் வாய்மட்டம் வரைதான் இறங்கும். அதற்குக் கீழே இருப்பது பிரேக்கின் பங்கு, அதைக் கிளட்ச் தொட முடியாது.

இந்த அமைப்பில் இன்னொரு விஷயமும் அடங்கியிருக்கிறது. பிரேக் பக்கம் ஒழுகினாலும் மட்டம் இறங்கும்போது முதலில் காற்றை இழுப்பது கிளட்ச்தான். ஓடிக்கொண்டிருக்கிற காரில் டாஷ்போர்டின் பிரேக் எச்சரிக்கை விளக்கு விட்டுவிட்டு எரிகிறது என்று வையுங்கள். வளைவில் திரும்பும்போது எரிந்து, நேராக வந்ததும் அணைகிறது. மட்டம் குறைந்திருப்பதால் திரவம் ஒரு பக்கம் சாயும்போது மிதவை கீழே போகிறது. வண்டிக்காரர் சென்சார் கோளாறு என்று விட்டுவிடுகிறார். சில நாளில் கிளட்ச் பெடல் சொதசொதவென்று ஆகிறது, ரிவர்ஸ் போடும்போது கியர் கரகரக்கிறது. ஒர்க்‌ஷாப்பில் கிளட்ச் பிளேட் போய்விட்டது என்று கியர்பாக்ஸை இறக்கச் சொல்கிறார்கள். இந்த இடத்தில் நிறுத்தி, முதலில் டப்பாவைப் பார்க்க வேண்டும். மட்டம் கிளட்ச் குழாயின் வாய்க்குக் கீழே இறங்கியிருந்தால், பெடல் சொதசொதத்ததற்குக் காரணம் காற்று. அடுத்து ஒழுகல் எங்கே என்று தேட வேண்டும். கிளட்ச் பெடலுக்கு மேலே கையை விட்டுத் தடவினால் வழவழவென்று ஒட்டுகிறதா? கால்மிதியில் ஈரமா? அப்படியென்றால் மாஸ்டர் சிலிண்டர். இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் அடியில் சொட்டு நிற்கிறதா? ஸ்லேவ் சிலிண்டராக இருக்கலாம். இரண்டும் காய்ந்திருந்தால் நாலு சக்கரங்களின் உட்புறத்தையும் பார்த்தே ஆக வேண்டும், ஏனென்றால் ஒழுகுவது பிரேக்காக இருக்கலாம். அங்கேயும் ஒழுகலே இல்லையென்றால் பேட் தேய்ந்து மட்டம் இறங்கியிருக்கலாம். கிளட்ச் முதலில் படுத்தது அதிர்ஷ்டம். அந்த நேரத்தில் அதில் ஏதோ ஓர் ஆயிலை ஊற்றி மட்டத்தை நிரப்பி அனுப்புவது, கிடைத்த எச்சரிக்கையைக் குழிதோண்டிப் புதைப்பது.

தனி டப்பா உள்ள கார்களில் இதைவிடச் சுலபமாகக் கண்டுபிடிக்கலாம். பிரேக் பேட் தேயத் தேய காலிப்பர் பிஸ்டன் வெளியே வந்து, அந்த இடத்தைத் திரவம் நிரப்பும், டப்பாவில் மட்டம் மெல்லக் குறையும். கிளட்ச் பிளேட் தேயும்போது நடப்பது நேர்எதிர். ஸ்லேவ் பிஸ்டன் பின்னுக்குத் தள்ளப்பட்டு, சிறிதளவு திரவம் டப்பாவுக்கே திரும்புகிறது. கிளட்ச் டப்பாவில் மட்டம் குறைந்தால் அதற்கு ஒரே அர்த்தம், ஒழுகல். டாப்அப் செய்துவிட்டு மறந்துவிடுகிற விஷயம் இல்லை இது.

தவறான ஆயிலை ஊற்றினால் என்ன ஆகும்? முதல் அடையாளம் டப்பா மூடியின் உள்ளே இருக்கும் ரப்பர். அது ஊதி, மடிப்பு மடிப்பாகச் சுருண்டு, திரும்ப மூடிக்குள் உட்காராது. மூடி ரப்பருக்கு நேர்ந்தது உள்ளே இருக்கும் எல்லா ரப்பருக்கும் நேர்ந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். மாஸ்டர் சிலிண்டரில் திரவம் திரும்பி வரும் சின்னத் துளையை ஊதிய ரப்பர் அடைத்துவிட்டால், காலை எடுத்த பிறகும் பிரேக் பிடித்தபடியே நிற்கும், சக்கரம் சூடாகும். சந்தேகம் இருந்தால் டப்பாவிலிருந்து கொஞ்சம் உறிஞ்சி, ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் விடுங்கள். கிளைக்கால் பிரேக் திரவம் தண்ணீரில் கரைந்துவிடும். பெட்ரோலிய எண்ணெய் மேலே படலமாக மிதக்கும். மிதந்தால் வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள், டோ செய்துதான் கொண்டுபோக வேண்டும். கழுவிவிட்டால் சரியாகிவிடும் என்பதை நம்பாதீர்கள். எண்ணெய் பட்ட சிலிண்டர்கள், காலிப்பர் ரப்பர்கள், ஹோஸ்கள் எல்லாவற்றையும் மாற்ற வேண்டிவரும்.

"கிளட்ச்சில் சூடே இல்லை, அதனால் ஆயிலை மாற்ற வேண்டியதில்லை" என்பது இதே பொய்யின் தம்பி. பிரேக் அளவுக்குச் சூடு இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இப்போதைய பல கார்களில் ஸ்லேவ் சிலிண்டர் கியர்பாக்ஸுக்கு வெளியே இல்லை. பெல் ஹவுசிங்குக்குள், கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்டைச் சுற்றி வளையமாக, கிளட்ச்சுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் வழியில் கொண்டை ஊசி வளைவில் போக்குவரத்து நின்றுவிட்டால், பலர் ஹேண்ட்பிரேக் போடாமல் பாதிக் கிளட்ச்சிலேயே வண்டியைப் பிடித்து நிறுத்துகிறார்கள். பிளேட் வழுக்கி எழுகிற சூடு அந்த வளையத்துக்கும் போகிறது. பிரேக் திரவம் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் குணம் கொண்டது. பல வருஷம் மாற்றாத திரவத்தில் சேர்ந்த தண்ணீர் கொதிநிலையை இறக்கிவிடும். ஆவி உண்டானால், மிதிக்கிற விசை அந்த ஆவியை அமுக்குவதிலேயே தீர்ந்துவிடும். பெடல் தரையோடு ஒட்டிக்கொள்ளும், கியர் விழாது. வண்டி ஆறியதும் பெடல் திரும்பி வருவதால், கோளாறே இல்லை என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். கிளட்ச் திரவம் கறுத்திருப்பதும் பார்க்க வேண்டிய அடையாளம். ரப்பர் தேய்ந்த துகள் அதில் கலந்திருக்கிறது.

இனி எந்தத் தரம் என்ற கேள்வி. டாட் என்பது அமெரிக்கப் போக்குவரத்துத் துறை வகுத்த வரிசை. புதுத் திரவத்தின் கொதிநிலை டாட் 3-க்குக் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ், டாட் 4-க்கு 230. ஏறக்குறைய 3.7 விழுக்காடு தண்ணீர் சேர்ந்த பிறகு இவை 140 ஆகவும் 155 ஆகவும் இறங்கலாம் என்று அந்த வரையறை அனுமதிக்கிறது. டாட் 3 என்று மூடியில் போட்டிருந்தால் டாட் 4 ஊற்றலாம், இரண்டும் கலந்தாலும் கெடுதல் இல்லை. டாட் 4 கேட்கும் டப்பாவில் டாட் 3 ஊற்றுவது கூடாது. ஒரே டப்பா என்றால் தரத்தை முடிவு செய்வது பிரேக்தான், கிளட்ச் அதையே ஏற்றுக்கொள்ளும். டாட் 5.1 இன்னும் உயர்ந்தது, கிளைக்கால் இனத்தைச் சேர்ந்தது, கலந்தாலும் ஒத்துப்போகும். ஆனால் அதன் பெரிய பலன்களில் ஒன்று கடுங்குளிரிலும் இளகி ஓடுவது. நம் ஊர்க் கிளட்ச்சுக்கு அதற்குக் கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை.

எண் பெரிதாக இருந்தால் நல்லது என்று நம்பி டாட் 5 வாங்குகிறவர்கள்தான் பெரிய தவறு செய்கிறார்கள். டாட் 5 சிலிக்கோன். டாட் 5.1-க்கும் அதற்கும் எண்ணில்தான் ஒற்றுமை. அது கிளைக்காலோடு கலக்காது, தண்ணீரை உறிஞ்சாது. உள்ளே புகுந்த தண்ணீர் தாழ்ந்த இடத்தில் தனியாகத் தேங்கி துருப்பிடிக்க வைக்கும். காற்றுக் குமிழிகளையும் பிடித்து வைத்துக்கொள்வதால் பெடல் பஞ்சாகும். ஏ.பி.எஸ். உள்ள காரில் ஊற்றவே கூடாது. ஊதா நிறத்தில் இருந்தால் வாங்காதீர்கள்.

நம் ஊரில் மேனுவல் கார் வைத்திருக்கும் பெரும்பாலோருக்கு சீல் உடைக்காத டாட் 4 போதும், மூடியில் எழுதியிருப்பதற்கு மாறாக இல்லாதவரை. பாதி மீந்து அலமாரியில் கிடக்கும் பாட்டிலை ஊற்றாதீர்கள். அது ஏற்கெனவே ஈரம் குடித்திருக்கும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயில் மாற்ற வண்டியை விடும்போது, நாலு சக்கரத்தில் ஏர் எடுத்ததோடு வேலை முடிந்தது என்று அவர்கள் மூடியைப் போடுவார்கள். கிளட்ச் குழாய்க்குள் இருப்பது சக்கரத்தின் வழியாக வெளியே வராது. கியர்பாக்ஸ் பக்கத்தில் கிளட்ச்சுக்கு என்று ஒரு பிளீட் நிப்பிள் இருக்கிறது. அதைத் திறந்து, பழைய கறுப்புத் திரவம் போய்த் தெளிவாக வரும்வரை விடச் சொல்லுங்கள். பக்கத்தில் நின்று பாருங்கள்.