பாதியில் நின்ற அப்டேட்டும் ஏழாம் நம்பர் வைத்தியமும்

வீடியோ கேம் பெட்டி அப்டேட் ஆகிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் பெட்டி செத்துவிட்டது என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள். அதைவிட முக்கியம், உடனே "ஃபார்மட் பண்ணித்தான் ஆகணும்" என்று சொல்கிறவர்கள் கையில் பெட்டியைக் கொடுக்காதீர்கள். இதைக் கொஞ்சம் கோபமாகத்தான் எழுதுகிறேன்.

என் பேரனிடம் இருப்பது பிஎஸ்4. அப்டேட் பாதி ஓடும்போது மின்சாரம் போய்விட்டது. திரும்ப வந்ததும் வழக்கமான திரை வரவில்லை. கன்ட்ரோலரை யூஎஸ்பி கேபிளில் இணைக்கச் சொல்லி ஒரு கறுப்புத் திரைதான் வந்தது. எங்கள் ஊர்க் கடைக்காரர் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "சார், சாஃப்ட்வேர் கரப்ட். ஃபார்மட் பண்ணா சரியாயிடும். 2500 ஆகும், உள்ள இருக்கிறது எல்லாம் போயிடும்" என்றார். பையன் முகம் சுருங்கிவிட்டது. இரண்டு வருஷம் ஆடிச் சேர்த்த ஆட்டங்களின் சேமிப்பு அதில்தான் இருக்கிறது. மாதச் சந்தா கட்டி இணையத்தில் நகல் வைத்துக்கொள்ளும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை.

அந்தக் கறுப்புத் திரையின் பெயர் சேஃப் மோட். பெட்டி தன்னால் முழுதாக எழுந்திருக்க முடியவில்லை என்று தெரிந்துகொண்டு, ஒரு சிறு பட்டியலை நீட்டி நம்மிடம் வழி கேட்கிறது. செத்த பெட்டி வழி கேட்குமா? அந்தத் திரை தானாக வராவிட்டால், பெட்டியை அணைத்துவிட்டு பவர் பட்டனை அழுத்தியபடியே இருங்கள். முதலில் ஒரு பீப், ஏழு விநாடி கழித்து இன்னொரு பீப். இரண்டாவது கேட்டதும் கையை எடுங்கள். கன்ட்ரோலரை கேபிளில் மாட்டி நடுவில் உள்ள PS பட்டனை அழுத்துங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவு கேபிள் இங்கே உதவாது. பட்டியலில் நகர முடியவில்லை என்றால் முதலில் கேபிளைச் சந்தேகப்படுங்கள்.

பட்டியலில் நம்மைப் பற்றியவை இரண்டுதான். மூன்றாவது `Update System Software`: சிஸ்டம் மென்பொருளை மட்டும் புதுப்பிக்கும், சேமிப்பைத் தொடாது. ஏழாவது `Initialize PS4 (Reinstall System Software)`: எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் புதிதாக நிறுவும். கடைக்காரர்களுக்கு ஏழு பிடிக்கும். அநேகமாக எப்போதும் வேலை செய்யும், யோசிக்க வேண்டாம். பல்வலிக்குத் தாடையையே எடுத்துவிடுகிற வைத்தியம் இது.

மூன்றாவதற்கு வேண்டியது ஒரு பென் டிரைவும் ஒரு கம்ப்யூட்டரும். டிரைவை FAT32 அல்லது exFAT முறையில் ஃபார்மட் செய்யுங்கள். NTFS என்றால் பெட்டிக்குப் படிக்கத் தெரியாது. பிளேஸ்டேஷனின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் கோப்பை இறக்குங்கள். அங்கே ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் இருக்கும். அப்டேட்டுக்கானது சுமார் 500 எம்பி. முழு மறுநிறுவலுக்கானது அதைப்போல இரு மடங்கு. நமக்குச் சின்னது போதும். டிரைவில் அது இப்படி இருக்க வேண்டும், எல்லாம் பெரிய எழுத்தில்:

```
PS4/UPDATE/PS4UPDATE.PUP
```

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். முதல் தடவை பாதியில் நின்று இரண்டாம் தடவை இறக்கினால், பிரவுசர் தானாகவே `PS4UPDATE (1).PUP` என்று பெயர் வைத்துவிடும். கோப்பு முழுதாக இருந்தும் பெட்டி "கோப்பு இல்லை" என்று சொல்லும். `SU-41333-4` என்ற எண் வந்தால் டிரைவில் ஏற்ற கோப்பு கிடைக்கவில்லை என்று பொருள். மதர்போர்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பெயரையும் ஃபோல்டரையும் ஒருமுறை சரிபாருங்கள்.

டிரைவை மாட்டி, மூன்றைத் தேர்ந்து, யூஎஸ்பியிலிருந்து என்பதைக் கொடுத்தோம். இம்முறை பெட்டியை இன்வெர்ட்டர் லைனில் செருகியிருந்தேன். பட்டை மெதுவாக நிறைந்தது, பெட்டி தானாக அணைந்து எழுந்தது. பையன் முதலில் பார்த்தது சேமிப்பைத்தான். எல்லாம் இருந்தது.

"அவருக்கும் கடை வாடகை இருக்கே" என்றார் நண்பர் ஒருவர். இருக்கட்டும். இந்த வேலைக்கு 300, 400 கேட்டால் மறுபேச்சில்லாமல் கொடுப்பேன். என் சண்டை காசுக்கு அல்ல. துடைக்காமலே சரிசெய்ய ஒரு வழி இருக்கும்போது, அதைச் சொல்லாமல் துடைப்பதற்குச் சம்மதம் வாங்குவதோடுதான்.

ஏழுக்கும் நியாயமான இடம் உண்டு. மூன்றாவது வழியில் சரியான கோப்பைக் கொடுத்தும் திரும்பத் திரும்பப் பாதியில் நின்றாலோ, உள்ளே டிஸ்க் கடகடவென்று சத்தம் போட்டாலோ, கோளாறு டிஸ்கில் இருக்கலாம். பிஎஸ்4-இல் இருப்பது லேப்டாப்பில் போடும் அதே இரண்டரை அங்குல டிஸ்க்தான், மாற்றிவிடலாம். புது டிஸ்கில் துடைக்க ஒன்றுமில்லை. அப்போது பெரிய கோப்பை இறக்கி, அதே ஃபோல்டரில் வைத்து, ஏழை அழுத்துங்கள்.